பள்ளி முதல்வருக்கு ஒரு தவணைக் கடிதம்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. திருப்பூர் பின்னலாடைக்கு அமெரிக்கா பெரிய சந்தை. ஆர்டர் குறைந்தால் கம்பெனியில் ஆள் குறையும். ஆள் குறைந்தால் மாதச் சம்பளத்தை நம்பிய வீட்டில் வாடகைக்கு அடுத்தபடியாக எழுகிற கேள்வி, பிள்ளையின் இரண்டாம் பருவக் கட்டணம்.

அப்படி ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அப்பா ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். செப்டம்பர் 30ஆம் தேதியோடு வேலை போய்விட்டது. அம்மா தையல் யூனிட்டில் மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறார். மகள் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஆண்டுக் கட்டணம் 45,000 ரூபாய், மூன்று பருவமாகக் கட்ட வேண்டும். ஜூனில் 15,000 கட்டியாயிற்று. அக்டோபர் 15க்குள் ஒரு 15,000, ஜனவரி 10க்குள் இன்னொரு 15,000 பாக்கி.

இந்த இடத்தில் பெரும்பாலான பெற்றோர் காத்திருக்கிறார்கள். "இந்த மாசத்துக்குள்ள வேற வேலை கிடைச்சிடும், அப்புறம் பேசிக்கலாம்" என்று நாள் தள்ளுகிறார்கள். கெடு முடிந்து, அபராதம் சேர்ந்து, வகுப்பில் பிள்ளையின் பெயரை வாசித்த பிறகு பள்ளிக்குப் போகிறார்கள். அதற்குள் அலுவலகப் பதிவேட்டில் அவர் கட்டணம் கட்டாதவர் ஆகிவிடுகிறார். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கடிதத்தோடு வருகிறவரைப் பள்ளி வேறு விதமாகப் பார்க்கும்.

முதல்வரிடம் கடிதம் கொடுத்தாலும், பல தனியார் பள்ளிகளில் பண விஷயத்தில் முடிவெடுப்பவர் தாளாளர். முதல்வர் அந்தக் காகிதத்தைத் தாளாளருக்கு அனுப்புவார். அவர் ஓரத்தில் கையெழுத்திட்டுக் கணக்காளருக்கு அனுப்புவார். மூன்று பேர் கை மாறும் காகிதம் என்பதால் அது ஒரே பக்கத்தில் முடிய வேண்டும், தொகையும் தேதியும் கண்ணில் பட வேண்டும். "தங்களால் இயன்ற உதவியைச் செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் என்ன முடிவெடுப்பது என்று தாளாளருக்குத் தெரியாது. அவருக்கும் மாதாமாதம் ஆசிரியர் சம்பளம் போட வேண்டிய கவலை இருக்கிறது. எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி.

ஆகவே கடிதத்துக்கு முன்னால் கணக்கு. அதில் பெற்றோர் பலர் தவறுவது, 30,000 ரூபாயை ஆறாக வகுத்து மாதம் 5,000 என்று எழுதிவிடுவதில்தான். பார்க்க அழகாக இருக்கும். இரண்டாவது மாதமே உடையும். ஏனென்றால் வேலை போன வீட்டில் பணம் சமமாக வருவதில்லை. நம் உதாரணத்தில் அப்பா தற்காலிகமாக ஒரு கடையில் 9,000 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறார். அம்மாவின் சம்பளத்தோடு 21,000. வாடகை, மளிகை, மின்சாரம், மருந்து எல்லாம் போக மிஞ்சுவது 4,000. பழைய கம்பெனியின் கணக்கு முடிப்புத் தொகை நவம்பர் முதல் வாரம் கிடைக்கும் என்று மனிதவளப் பிரிவு எழுத்தில் சொல்லியிருக்கிறது. கட்டிவரும் சீட்டு ஏப்ரலில் முடிகிறது. கிடைக்கப்போகும் புதிய வேலையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இப்போது கடிதம். அனுப்புநர், பெறுநர், மாணவியின் பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண் எல்லாம் மேலே போன பிறகு, உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: இரண்டாம், மூன்றாம் பருவக் கட்டணம் ரூ.30,000ஐத் தவணையில் செலுத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் பணியாற்றிய நிறுவனத்தில் ஆள்குறைப்பு காரணமாக 30.9.2025 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டேன். விடுவிப்புக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். முதல் பருவக் கட்டணம் முழுவதும் ஜூனில் செலுத்திவிட்டேன். மீதித் தொகையைக் கீழ்க்கண்டவாறு செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்: இக்கடிதத்துடன் 3,000, நவம்பர் 10இல் 6,000, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி 4,000, ஏப்ரல் 5இல் 5,000. நிரந்தர வேலை கிடைத்தால் மீதியை முன்கூட்டியே செலுத்திவிடுவேன். இக்காலத்துக்குத் தாமதக் கட்டணம் விதிக்காமல் இருக்கவும், நினைவூட்டல் எதுவானாலும் என் கைப்பேசிக்கே தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. வகுப்பில் எழுப்பி நிறுத்துவதும் பை திறந்து சுற்றறிக்கை வைத்து அனுப்புவதும் பிள்ளையைத்தான் காயப்படுத்துகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மனரீதியான துன்புறுத்தலைத் தடை செய்கிறது; எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. ஆனால் இந்தப் பிரிவுகளைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. கோரிக்கைக் கடிதத்தில் சட்டம் பேசினால் அது புகார்க் கடிதமாகிவிடும்.

அதேபோல் கட்டணச் சலுகையையும் தவணையையும் ஒரே காகிதத்தில் கேட்க வேண்டாம். தவணையைத் தாளாளர் ஒரு கையெழுத்தில் முடித்துவிடலாம். சலுகைக்கு அறக்கட்டளைக் கூட்டம் வரை போக வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் எளிய கோரிக்கையும் கடினமானதோடு சேர்ந்து மேசையில் கிடக்கும். செலவைக் குறைக்க வழி இருந்தால், பள்ளி வேனை நிறுத்துவது போல, அதைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

தவணை பெற்றோரின் உரிமையா? பொதுவாக அது பள்ளியின் இசைவுதான். கொரோனா காலத்தில் மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2021 ஜூலையில் பிறந்த உத்தரவு, வருமானம் பாதிக்கப்படாத பெற்றோரிடம் 85 சதவீதமும் பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதமும் ஆறு தவணைகளில் வசூலிக்கச் சொன்னது. அது அந்தக் கல்வியாண்டுக்கான ஏற்பாடு. இன்று அதைக் காட்டித் தவணை கோர முடியாது. மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் நிலை வேறு. அதைக் கட்டணப் பாக்கி வசூலிக்கும் கருவியாகப் பள்ளிகள் பயன்படுத்தக் கூடாது, பாக்கி பற்றிய குறிப்பையும் அதில் எழுதக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். "சரி, பாத்துக்கலாம்" என்று முதல்வர் வாய்மொழியாகச் சொன்னது, கணக்காளர் மாறினால் காற்றில் போய்விடும். அனுமதி கிடைத்ததும், "தாங்கள் இன்று ஒப்புக்கொண்டபடி" என்று தொடங்கி அந்தத் தேதிகளையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒருமுறை அனுப்பி வைக்கலாம். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி, அதில் மீதித் தொகை சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

ஜனவரியில் பொங்கல் செலவில் 4,000 திரளவில்லை என்று வையுங்கள். 10ஆம் தேதி கடந்த பிறகு காரணம் சொல்வதைவிட, 8ஆம் தேதியே கணக்காளரிடம் போய், "சார், இப்ப 2,500 கட்டிடறேன். மீதி 1,500ஐ 25ஆம் தேதி கட்டிடறேன்" என்று சொல்லி, அதைத் தன் பிரதியிலும் அவருடைய பிரதியிலும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வரலாம்.