வீட்டில் பூனை இருக்கிறது... கன்னி நாய் வரப்போகிறது! எப்படிப் பழக்குவது?

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் படகு நிழலிலும் வலைக் குவியலிலும் பூனைகள் படுத்திருப்பதைப் பார்க்கலாம். மீன் வரும் ஊரில் பூனைக்குப் பஞ்சமில்லை. அதே மாவட்டத்தின் மேற்கே, கோவில்பட்டி கரிசல் பக்கம் போனால் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா?

முடியும். ஆனால், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

துரத்தல் ஏன்?

கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் பிடிக்கப் பழக்கப்பட்ட இனங்கள். மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பும். முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஆனால், அது நாயின் கண்ணுக்குத் தெரியாதே! சின்ன உருவம் ஒன்று குறுக்கே ஓடினால் கால்கள் தானாகக் கிளம்பிவிடும். இது பகை அல்ல, பிறவிக்குணம். உட்கார்ந்திருக்கும் பூனையைக் கண்டுகொள்ளாத நாய்கூட, ஓடும் பூனையைத் துரத்தும். அதனால் பூனைக்கு ஓட வேண்டிய அவசியமே வரக்கூடாது. நாய்க்குத் துரத்தும் வாய்ப்பே கிடைக்கக்கூடாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் வேலை சுலபம். அந்த வயதில் பழகும் உயிர்களைத் தன் வீட்டு ஆட்களாக ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த நாய் என்றால் கூடுதல் கவனம் தேவை.

படிப்படியாக...

மூன்று வருடமாகப் பூனை இருக்கும் வீட்டுக்கு, இரண்டு வயதுக் கன்னி நாய் வருவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் நான்கைந்து நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். பூனைக்கு ஓர் அறை. சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். நாய் படுத்த துணியைப் பூனையின் அறையிலும், பூனை படுத்த துணியை நாயின் பக்கத்திலும் போடுங்கள். வாசனைதான் முதல் அறிமுகம்.

அடுத்து, மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு. உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து முள் எடுத்த சாளை மீன் கொஞ்சம் வைத்தால் இரண்டுமே வரும். பூனை கதவருகே நிம்மதியாகச் சாப்பிடும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பிறகு கம்பிவலைக் கதவு வழியாகப் பார்க்கவிடுங்கள். நாய் கயிற்றில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். தினம் இரண்டு முறை. நாய் பூனையிடமிருந்து பார்வையை எடுத்து உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தீனி கொடுங்கள்.

கடைசியாக ஒரே அறை. அப்போதும் கயிறு உங்கள் கையில். பூனை ஏறித் தப்பிக்கப் பரணோ உயரமான அலமாரியோ இருக்க வேண்டும். பூனையைக் கையில் தூக்கி நாயின் முகத்தருகே காட்டாதீர்கள். கீறல் உங்களுக்குத்தான் விழும். மொத்தத்தில் மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

பூனை சீறினால் பயப்படாதீர்கள். 'கிட்டே வராதே' என்கிறது, அவ்வளவுதான். நாய் குரைப்பதைவிட அதன் மௌனத்தைக் கவனியுங்கள். உடல் விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல் பூனையையே பார்க்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், தீனியை நீட்டினாலும் திரும்பவில்லையா? உடனே வெளியே கூட்டிப்போய்விடுங்கள். மறுநாள் முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; பட்டினி நீண்டால் அதன் கல்லீரல் பாதிக்கப்படும்.

வாரக்கணக்கில் பழக்கியும் அந்தப் பார்வை மாறாத நாய்கள் உண்டு. அவற்றை மதில், கதவு வைத்துப் பிரித்தே வளர்க்க வேண்டும்; அல்லது பூனை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதே இரண்டுக்கும் நல்லது.

மறக்கக்கூடாதவை

நாயின் உண்ணிக்குப் போடும் சொட்டுமருந்துகள் சிலவற்றில் 'பெர்மெத்ரின்' இருக்கும். அது பூனைக்குக் கடும் விஷம். நாய்க்குப் போட்டு ஈரம் காயாத நிலையில் பூனை உரசினாலோ நக்கினாலோ வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். பூனை இருக்கும் வீடு என்று மருத்துவரிடம் சொல்லியே மருந்து வாங்குங்கள். ரேபிஸ் தடுப்பூசி இரண்டுக்கும் கட்டாயம்.

நாய் உணவைப் பூனைக்குப் பழக்க வேண்டாம். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான 'டாரின்' சத்து அதில் போதாது. பூனையின் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ஒன்றாகப் படுத்துத் தூங்க ஆரம்பித்தாலும், ஆளில்லாத நேரத்தில் முதல் சில மாதங்கள் தனித்தனி அறைதான். வீட்டுக்குள் சாதுவாக இருக்கும் கன்னி, முற்றத்தில் ஓடும் அதே பூனையைத் துரத்தக்கூடும். வாசல் கதவைத் திறக்கும் முன், பூனை எங்கே என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்!