பதினெட்டு வயதுக்கு எந்தக் கார்?

பிரிட்டனில் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் பிரீமியம் எவ்வளவு என்றுதான் விசாரிப்பார்கள். அங்கே கார்களை 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். எண் ஏற ஏற பிரீமியமும் ஏறும். ஓட்டுபவர் புதியவர் என்றால் இன்னும் ஏறும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் கார்களைப் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் ஓட்டக் கூடாது.

நம் ஊரில் இந்த இரண்டு வேலிகளும் இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே பதினெட்டு வயதுப் பிள்ளை எந்தக் காரையும் ஓட்டலாம். இன்ஷூரன்ஸ் கட்டணத்தைப் பொதுவாக முடிவு செய்வது காரின் விலை, வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர் ஆகியவைதான். ஓட்டப்போவது ஐம்பது வயது அப்பாவா, நேற்று லைசென்ஸ் வாங்கிய மகளா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் அங்கே கம்பெனியும் சட்டமும் செய்யும் வேலையை இங்கே வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் திருநெல்வேலி. மகள் கல்லூரிக்குப் போய்வர ஒரு கார் வேண்டும், பழையதானாலும் சரி. மூன்று கார்கள் பார்வைக்கு வருகின்றன. மாமா தருவதாகச் சொல்லும் 2013 மாடல் 800 சிசி சின்னக் கார் ஒன்று. நண்பர் விற்கும் 2016 மாடல் 1.6 லிட்டர் டீசல் செடான் ஒன்று. மூன்றாவது, 2022ல் வந்த டாடா பஞ்ச், 1.2 லிட்டர் பெட்ரோல்.

பெரும்பாலான வீடுகளில் மாமாவின் காரே ஜெயிக்கும். "கத்துக்கிற பிள்ளைதானே, இடிச்சாலும் பழசு போகட்டும்" என்பார்கள். எனக்கு இந்தப் பழக்கம் தலைகீழாகத் தெரிகிறது. வீட்டில் மோதுவதற்கு அதிக வாய்ப்புள்ள ஆளிடம், மோதினால் மிகக் குறைவாகக் காப்பாற்றும் காரைக் கொடுக்கிறோம். 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரமே கிடைத்தது. ஏர்பேக் இல்லாதது ஒரு காரணம். சிலவற்றில் பயணிகள் உட்காரும் கூண்டே மடங்கிப்போனது அதைவிட மோசமான காரணம். மாமாவின் கார் அந்தக் காலத்து வார்ப்பு.

இப்போது செலவைப் பார்ப்போம். சட்டப்படி எல்லாரும் எடுத்தாக வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிஎஸ்டி தனி. பஞ்சின் எஞ்சின் 1199 சிசி. மாமாவின் காரை விட்டுப் பஞ்சுக்குப் போனால் இந்தக் கணக்கில் கூடுவது 1,322 ரூபாய். மாதத்துக்கு 110 ரூபாய். சொந்தக் காரின் சேதத்துக்கான பிரீமியம் காரின் மதிப்பைப் பொறுத்து இதற்கு மேல் கூடும், உண்மைதான். டீசல் செடானுக்குப் போனாலோ பஞ்சைவிட மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் 4,481 ரூபாய் அதிகம்.

சிசி குறைந்தால் வேகமும் குறையும் என்று இந்தப் பட்டியலைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது. டர்போ எஞ்சின்கள் வந்த பிறகு அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. மாருதி ஃபிரான்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023ல் வந்த அந்த ஒரே காருக்கு இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். 1.2 லிட்டர் சாதா எஞ்சின் சுமார் 90 குதிரைத்திறன் தரும். 1 லிட்டர் டர்போ, 998 சிசிதான், சுமார் 100 தரும். குதிரைத்திறனில் வித்தியாசம் பத்துதான். இழுவிசையில்தான் அசல் வித்தியாசம்: முன்னதில் 113 நியூட்டன் மீட்டர், பின்னதில் 148. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சட்டெனத் தூக்கிக்கொண்டு ஓடும். பழகியவருக்கு அது சுகம். எதிரே லாரி வரும்போது ஓவர்டேக் செய்யலாமா வேண்டாமா என்று இன்னும் கணக்குப் போடத் தெரியாத கைக்கு அது ஆசை காட்டும். ஆனால் மூன்றாம் நபர் காப்பீட்டில் டர்போதான் மலிவு! ஆகவே சிசியை விட்டுவிட்டுக் குதிரைத்திறனையும் இழுவிசையையும் கேளுங்கள். 80, 90 குதிரைத்திறன் உள்ள டர்போ இல்லாத பெட்ரோல் கார் நான்குவழிச் சாலைக்குத் தாராளம்.

பஞ்ச் ஏன்? 2021ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எஞ்சின் 86 குதிரைத்திறன், டர்போ கிடையாது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2022 நடுவில் அந்தச் சோதனை கடுமையாக்கப்பட்டது. பக்கவாட்டு மோதலும் வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சியும் மதிப்பெண்ணில் சேர்ந்தன. ஆகவே பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. புதுக் கார் வாங்க வசதியுள்ளவர்கள் 2024 நவம்பரில் புதிய விதிப்படியே ஐந்து வாங்கிய மாருதி டிசையரைப் பார்க்கலாம். அதன் திறன் 82 குதிரைத்திறன்தான்.

குறிப்பிட்ட மாடல் கிடைக்காதவர்கள் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 2022 ஜனவரிக்குப் பின் தயாரான காரில் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயம் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எச்சரித்து, 120ஐத் தாண்டினால் நிற்காமல் கத்தும் கருவியும் இருக்கும். நச்சரிப்பு தாங்காமல் சிலர் அதன் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். விற்பவர் அப்படிச் செய்திருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

பழைய காரில் ஏர்பேக் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம்: வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கைத் துண்டித்து மூடியிருக்கலாம். விற்பவரின் பழைய பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். கிளெய்ம் செய்யாதவருக்கு 20, 25, 35 சதவீதம் என்று ஆண்டுதோறும் தள்ளுபடி ஏறும். ஒரே உரிமையாளர், மூன்று ஆண்டு ஓடிய கார், தள்ளுபடி பூஜ்ஜியம் என்றால், முந்தைய ஆண்டில் என்ன இடித்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்ஷூரன்ஸில் மிச்சம் பிடிக்க நினைத்து 'ஜீரோ டெப்' சேர்க்காமல் விடாதீர்கள். புதிய கை முதலில் உரசுவது பம்பரைத்தான். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் பாதியைக் கம்பெனி கழித்துவிடும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட காருக்கே இது கிடைக்கும் என்பது இளைய காரை வாங்க இன்னொரு காரணம். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டால் மட்டும் அந்தத் தள்ளுபடி போய்விடும். ஆயிரம், இரண்டாயிரம் என்றால் கைக்காசைக் கொடுத்துவிடுவது லாபம்.

யார் பெயரில் வாங்குவது? அப்பா தன் பழைய காரை விற்றிருந்தால், அதில் சேர்ந்த தள்ளுபடியைப் புதிதாக வாங்கும் காருக்கு மாற்றிக்கொள்ளலாம், கார் அவர் பெயரில் இருந்தால். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு மட்டும்தான். ஓட்டுவது மகள், பெயர் அப்பாவுடையது என்றால், மகளுக்கு அடிபட்டாலும் அந்தத் தொகை வராது. ஆகவே காரை மகள் பெயரிலேயே பதியுங்கள், இல்லையென்றால் அவளுக்கும் சேர்த்து விபத்துக் காப்பீடு எடுங்கள். பழைய கார் என்றால், உரிமை மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் பெயர் மாற்றக் கேட்டுவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் உங்கள் காரின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம்.