பத்து ஸ்லைடில் ஒரு போச்சம்பள்ளி சேலை: கேரசலில் எதைப் பார்க்கணும்?

இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி கேரசலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் ஸ்லைடில் பளபளக்கும் இக்கத் பட்டுச் சேலை. அடுத்து நூல் கண்டு, சாயத் தொட்டி, தறியில் ஒரு கை, கடைசியில் விலை. சேவ் பண்ணிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவோம். கொஞ்ச நேரம் கழித்து அதே டிசைன் வேறொரு பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு விலைக்கு வரும். அப்போதுதான் சந்தேகம் வரும்: இவர் கூடுதலா வாங்குறாரா, அவர் ஏமாத்துறாரா?

பதில் அந்த ஸ்லைடுகளிலேயே இருக்கிறது. தெலங்கானாவில், ஹைதராபாத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பூதான் போச்சம்பள்ளியை எடுத்துக்கொள்வோம். இந்த ஊரின் இக்கத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1951-ல் வினோபா பாவேயின் பூதான இயக்கம் தொடங்கியதும் இங்கேதான், ஊர்ப் பெயரில் ‘பூதான்’ ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

டிசைன் எப்போது வருகிறது?

இதுதான் முதல் விஷயம். காஞ்சிபுரம் சேலையில் டிசைன் நெய்யும்போது உருவாகிறது. பிரின்ட் சேலையில் நெய்த பிறகு வருகிறது. இக்கத்தில் நெய்வதற்கு முன்பே நூலில் வந்துவிடுகிறது. ‘கட்டுவது’ என்று பொருள்படும் மலாய் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நூலின் எந்த அங்குலத்தில் எந்த நிறம் என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த நூலைத் தறியில் சரியான இடத்தில் விழவைத்தால் யானையோ பூவோ தெரியும். நூல் கொஞ்சம் நகர்ந்தாலும் யானையின் தும்பிக்கை கோணலாகும்.

பட்டு நூலை சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்துப் பிசினை நீக்குவது முதல் வேலை. இது எல்லாப் பட்டுக்கும் பொது, எனவே இந்த ஸ்லைடை வேகமாகத் தள்ளிவிடலாம்.

எல்லோரும் தாண்டிப் போகும் ஸ்லைடு

அரைவட்டமாக முளைகள் அடித்த ஒரு மரச்சட்டம். அதன் முன்னால் ஒரு பெண். கேரசலில் இது வரும், பல நேரம் வராமலும் போகும். இதன் பெயர் ஆசு. ஊடை நூல், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூல், நெய்யப்போகும் அதே வரிசையில் இந்த முளைகளில் சுற்றப்படுகிறது. அப்படிச் சுற்றினால்தான் அதன் மேல் டிசைனைக் குறித்துக் கட்ட முடியும்.

எத்தனை சுற்று? தோராயமாக நாமே கணக்குப் போடலாம். ஐந்தரை மீட்டர் சேலை என்பது சுமார் 216 அங்குலம். அங்குலத்துக்கு 40 ஊடை இழை என்று வைத்தால் 8,640 இழை. ஓர் இழைக்கு ஒரு கைவீச்சு என்றாலே எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. அந்தப் பகுதியில் வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கையும் ஒரு சேலைக்கு சுமார் 9,000. கையை ஒரு மீட்டர் தூரத்துக்கு முன்னும் பின்னுமாக வீசி, நான்கைந்து மணி நேரம். ஒரு நாளில் இரண்டு சேலைக்குச் சுற்றினால் 18,000 தடவை. இதைச் செய்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தோளும் முழங்கையும் போய்விடும்.

ஆலேர் பக்கத்தைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை சிந்தகிந்தி மல்லேஷம், தன் அம்மா இதில் படும் வலியைப் பார்த்துதான் ஒரு இயந்திரம் செய்ய இறங்கினார். பல வருட முயற்சிக்குப் பிறகு 1999-ல் அது ஓடியது. அம்மா பெயரிலேயே ‘லக்ஷ்மி ஆசு’. நான்கைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தது. 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ, 2019-ல் அவர் கதை தெலுங்கில் படமாகவும் வந்தது. எனவே கேரசலில் மோட்டார் வைத்த ஆசைப் பார்த்து ‘இது கைவேலை இல்லையே’ என்று நினைக்க வேண்டாம். அங்கே மிஷின் சுற்றுவது நூலை மட்டும்தான். கட்டுவதும் சாயம் தோய்ப்பதும் கையில்தான்.

கட்டு, தோய், மறுபடி கட்டு

வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நான்கு நிறம் உள்ள ஒரு டிசைன் என்று வைப்போம். சட்டத்தில் இருக்கும் நூலில் முதலில் வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடங்களைக் கட்டுவார்கள். கட்டுவதற்குப் பெரும்பாலும் சைக்கிள் ட்யூபை மெல்லிய பட்டைகளாக வெட்டியது. பிறகு மொத்த நூலும் மஞ்சளில் தோயும். காய்ந்ததும், மஞ்சளாக இருக்க வேண்டிய இடங்களைக் கட்டி சிவப்பில் தோய்ப்பார்கள். அப்புறம் சிவப்பு இடங்களைக் கட்டிவிட்டுக் கறுப்பு. கடைசியில் எல்லாக் கட்டையும் பிரித்தால் நான்கு நிறமும் தெரியும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும், கறுப்பின் மேல் மஞ்சள் ஏறாது.

கேரசலில் இது ஒரே ஸ்லைடுதான். உண்மையில் நிறம் ஒன்று கூடினால் ஒரு சுற்று கூடுகிறது, நாளும் கூடுகிறது. ஒரே அளவுள்ள இரண்டு இக்கத் சேலைகளுக்கு விலை வேறாவதற்கு இது ஒரு பெரிய காரணம். கட்டு லேசாகத் தளர்ந்தால் சாயம் உள்ளே கசிந்து வெள்ளை இடம் அழுக்கு மஞ்சளாகும். அதைத் திருத்தவும் முடியாது. இன்னொன்று: இன்றைக்கு இங்கே பயன்படுவது பெரும்பாலும் ரசாயனச் சாயம். ‘இயற்கைச் சாயம்’ என்று போட்டிருந்தால் எந்த நிறம் எதிலிருந்து வந்தது என்று தாராளமாகக் கேளுங்கள்.

பிறகு ஊடை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றி, வரிசை மாறாமல் அடுக்குவார்கள். வரிசை மாறினால் அவ்வளவு உழைப்பும் குழம்பிவிடும். தறியில் ஒவ்வொரு இழையையும் போட்டபின், டிசைன் பொருந்தும்படி நெசவாளர் ஓரத்தில் இழுத்துச் சரிசெய்கிறார். பட்டோலா போல பாவு, ஊடை இரண்டிலும் கட்டிச் சாயம் போட்டிருந்தால் இந்தப் பொருத்தம் பல மடங்கு கடினம். ‘டபுள் இக்கத்’ விலை எகிறுவது அதனால்தான்.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பின்பக்கம். இக்கத்தில் நூலே நிறம் கொண்டது என்பதால் இரண்டு பக்கமும் ஒரே அடர்த்தி. பிரின்ட்டில் பின்பக்கம் பொதுவாக வெளிறியிருக்கும். ஆனால் சாயம் நன்றாக ஊறிய பிரின்ட் இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். அப்போது தைக்காத ஓரத்திலிருந்து ஓர் ஊடை இழையை உருவிப் பாருங்கள். இக்கத் இழையில் நிறம் சுற்றிலும் சீராக இருக்கும், நிறம் மாறும் இடத்தில் மட்டும் மங்கும். பிரின்ட் இழையில் பாவு நூல் மேலே படிந்திருந்த இடங்கள் வெளிறி, புள்ளி புள்ளியாகத் தெரியும்.

டிசைனின் விளிம்பையும் கவனியுங்கள். ஊடை இக்கத்தில் கலங்கல் குறுக்கு வாட்டில் இருக்கும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் கொஞ்சம் வித்தியாசப்படும். எல்லாப் பூவும் ஒரே மாதிரி கலங்கியிருந்தால் அது இக்கத் போல வரைந்த பிரின்ட்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. கட்டிச் சாயம் போட்ட நூலைப் பவர்லூமில் நெய்தால் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் அது பாஸ் ஆகிவிடும். இக்கத்தான், ஆனால் கைத்தறி இல்லை. இதைக் கண்ணால் பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம். இங்கே கைத்தறி முத்திரையைத்தான் கேட்க வேண்டும். பட்டா என்பதற்கு சில்க் மார்க். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருப்பதாக அர்த்தமில்லை, இரண்டும் தனித்தனிச் சான்று.

ஆன்லைனில் இழை உருவ முடியாது, சரி. பணம் அனுப்பும் முன் விற்பவருக்கு மெசேஜில் நான்கு விஷயம் கேளுங்கள்: ஊடை இக்கத்தா, பாவு இக்கத்தா, இரண்டுமா? எத்தனை தடவை கட்டித் தோய்த்தது? கைத்தறியா, பவர்லூமா? அந்தக் குறிப்பிட்ட சேலையின் பின்பக்கத்தையும் ஓரத்தையும் கிட்டத்தில் எடுத்த வீடியோ கிடைக்குமா? தயாரிக்கும் குடும்பமே நடத்தும் பக்கம் என்றால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு யோசிக்க வேண்டியிருக்காது. ஓரத்தில் ஊடை நூல் அங்கங்கே சிறு வளையமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். டிசைன் பொருந்துவதற்காக நெசவாளர் இழுத்துவிட்ட மிச்ச நூல் அது.