பே ஸ்லிப்ல ஒரு தொகை, பேங்க்ல வேற தொகை: லோன் கொடுக்கிறவர் எதை எடுத்துப்பார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வார எபிசோடுக்கு காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவங்க பேரை மாத்தி நந்தினின்னு வெச்சுக்கலாம். சென்னைல வேலை. அக்கா கல்யாணத்துக்கு 9 லட்சம் பர்சனல் லோன் கேட்டிருக்காங்க. மூணு மாச பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் கொடுத்தாச்சு. ரெண்டு நாள் கழிச்சு லோன் கம்பெனில இருந்து போன்: "மேடம், உங்க சேலரி கிரெடிட்டும் பே ஸ்லிப்பும் மேட்ச் ஆகலை. விளக்கம் கொடுங்க." நந்தினியோட கேள்வி இதுதான்: "நான் எதையும் மாத்தலையே, என்மேல ஏன் சந்தேகப்படுறாங்க?"

நான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட கிரெடிட் டீம்ல ஆறு வருஷம் இருந்தேன். இந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதுதான் அன்னாட வேலை. அந்த அனுபவத்துல சொல்றேன்: மேட்ச் ஆகாதது பெரிய விஷயமே கிடையாது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கா, அந்தக் காரணத்துக்குப் பேப்பர் இருக்கா, இவ்வளவுதான் பார்ப்போம்.

ரெண்டு பேப்பர், ரெண்டு வேலை

பே ஸ்லிப்ங்கிறது உங்க கம்பெனி சொல்ற கணக்கு. எத்தனை நாளுக்கு சம்பளம், என்னென்ன பிடிச்சோம், கையில எவ்வளவு கொடுக்கணும்னு அது சொல்லும். பணம் நிஜமா வந்துச்சான்னு அது சொல்லாது. பேங்க் ஸ்டேட்மென்ட் நேர் எதிர். பணம் வந்தது தெரியும், ஏன் அந்தத் தொகை வந்துச்சுன்னு தெரியாது. ஒண்ணு "ஏன்"னு சொல்லுது, இன்னொண்ணு "வந்துச்சு"ன்னு சொல்லுது. அதனாலதான் ரெண்டையும் கேட்கிறாங்க.

ஒப்பிடும்போது பே ஸ்லிப்ல கீழே இருக்கிற நெட் பே, அதாவது பிடித்தம் எல்லாம் போக வர்ற தொகையைத்தான் எடுப்பாங்க. ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சி.டி.சி.யை 12-ஆல வகுத்து வர்ற எண்ணை யாரும் பார்க்க மாட்டாங்க.

நந்தினியோட மூணு மாசம்

அவங்களோட வழக்கமான மாசத்தை முதல்ல பார்த்துடலாம். மொத்த சம்பளம் 60,000. இதுல பி.எஃப். 1,800. பி.எஃப்.க்கான சம்பள வரம்பு 15,000, அதுல 12 சதவீதம் 1,800. நிறைய கம்பெனிங்க அதோட நிறுத்திக்கும். அம்மா அப்பாவுக்கான ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 700. புது வருமான வரி முறைல இந்தச் சம்பளத்துக்கு வரி வராது. ஆக நெட் பே 57,500.

இப்போ ஸ்டேட்மென்ட்ல வந்திருக்கிறதைப் பாருங்க.

```
31-07-2025  NEFT CR  SALARY JUL   63,700
12-08-2025  IMPS CR  ADV          10,000
29-08-2025  NEFT CR  SALARY AUG   46,250
30-09-2025  NEFT CR  SALARY SEP   53,500
```

பே ஸ்லிப்ல ஜூலைக்கு 57,500, ஆகஸ்டுக்கு 56,250, செப்டம்பருக்கு 53,500. முதல் ரெண்டு மாசமும் பேங்கோட ஒத்துப் போகலை. மூணாவது மாசம் ஒத்துப் போகுது, ஆனா வழக்கத்தைவிட 4,000 குறையுது. ஒவ்வொண்ணா வருவோம்.

ஜூலைல பே ஸ்லிப்பைவிட 6,200 அதிகமா வந்திருக்கு. நந்தினி வேலை விஷயமா கோயம்புத்தூர் போயிட்டு வந்திருக்காங்க. பஸ், ரூம், ஆட்டோ எல்லாத்துக்கும் அவங்க கைக்காசு போட்டு, அப்புறம் கிளெய்ம் பண்ணியிருக்காங்க. கம்பெனி அதைச் சம்பளத்தோட சேர்த்து ஒரே டிரான்ஸ்ஃபரா போட்டுட்டாங்க. இது அவங்க செலவழிச்ச பணம் திரும்பி வந்தது, வருமானம் கிடையாது. அதனால கிரெடிட் ஆபீசர் இதைக் கழிச்சுடுவார். பேங்க்ல அதிகமா வந்தா நமக்கு நல்லதுதானேன்னு நினைக்காதீங்க. காரணம் தெரியாத கூடுதல் பணமும் கேள்விதான்.

ஆகஸ்ட்ல ரெண்டு விஷயம் சேர்ந்து நடந்திருக்கு. ஒண்ணு, நெட் பேவே 1,250 குறைஞ்சிருக்கு. அது தொழில் வரி. சென்னைல இதை அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டணும். இந்தச் சம்பளத்துக்கு ஒரு அரையாண்டுக்கு 1,250. சில கம்பெனி மாசாமாசம் கொஞ்சமா பிடிப்பாங்க, சில கம்பெனி மொத்தமா ஒரே மாசம் பிடிப்பாங்க. இரண்டாவது, 12-ஆம் தேதி அவங்க அட்வான்ஸா 10,000 வாங்கியிருக்காங்க. மாசக் கடைசில மீதி 46,250 வந்திருக்கு. ரெண்டையும் கூட்டினா சரியா 56,250.

செப்டம்பர்ல ரெண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு. 30 நாள்ல 28 நாளுக்குத்தான் சம்பளம், அதாவது 56,000. பி.எஃப்.பும் இன்ஷூரன்ஸும் போக 53,500. பேங்க்லயும் அதே தொகை. பே ஸ்லிப்ல "வேலை நாட்கள் 28"னு இருக்கிறதால இதுக்கு வேற விளக்கமே தேவையில்லை.

இப்போ மொத்தமா கூட்டிப் பாருங்க. பேங்க்ல வந்தது 1,73,450. பே ஸ்லிப் மூணும் சேர்த்து 1,67,250. வித்தியாசம் 6,200. அது அந்தக் கோயம்புத்தூர் செலவு, ஒரு ரூபா கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கிரெடிட் டீம்ல நாங்க தேடுறது இதைத்தான்: வித்தியாசம் முழுசா ஒரு காரணத்துல போய் உட்காரணும். "ஏதோ அலவன்ஸ் வந்திருக்கும் சார்"ங்கிற பதில் எங்களுக்கு உதவாது.

10,000 ரூபா எப்படி 2 லட்சம் ஆகுது?

அப்போ ஏன் போன் வந்துச்சு? நிறைய இடங்கள்ல ஸ்டேட்மென்டை முதல்ல படிக்கிறது ஒரு சாஃப்ட்வேர். `SALARY`, `SAL` மாதிரி வார்த்தை இருக்கிற கிரெடிட்டை அது சம்பளம்னு எடுத்துக்கும். `ADV`னு வந்த 10,000 அதோட கண்ணுக்கு யாரோ அனுப்பின பணம். அதனால ஆகஸ்ட் சம்பளம் 46,250-னு பதிவாகுது.

இதோட விளைவைப் பாருங்க. சில லோன் கம்பெனிங்க மூணு மாச சராசரியை எடுப்பாங்க, சில பேர் மூணுல குறைஞ்சதை எடுப்பாங்க. அந்த வருமானத்துல ஒரு பங்குதான் எல்லா இ.எம்.ஐ.க்கும் சேர்த்துப் போகலாம்னு ஒரு வரம்பு வெச்சிருப்பாங்க. அது இடத்துக்கு இடம் மாறும். நாம பாதின்னு வெச்சுக்கலாம். நந்தினிக்கு ஏற்கெனவே ஸ்கூட்டிக்கு மாசம் 4,000 இ.எம்.ஐ. போகுது.

குறைஞ்சது 46,250-னு எடுத்தா, பாதி 23,125. ஸ்கூட்டி போக 19,125. 14 சதவீத வட்டி, 5 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 2,327. ஆக சுமார் 8.2 லட்சம்தான் கிடைக்கும். அவங்க கேட்ட 9 லட்சம் வராது.

சரியா ஒப்பிட்டு, பே ஸ்லிப் சராசரி 55,750-ஐ எடுத்தா, பாதி 27,875. ஸ்கூட்டி போக 23,875. அதுக்கு சுமார் 10.25 லட்சம் வரைக்கும் தகுதி வருது. ஒரே ஆள், அதே சம்பளம், அதே பேப்பர். ஒரு அட்வான்ஸை யாரும் சேர்த்துப் படிக்காததாலயும், சராசரிக்குப் பதிலா குறைஞ்சதை எடுத்ததாலயும் 2 லட்சம் வித்தியாசம். தகுதி இருக்குன்னு முழுசா வாங்கணும்னு நான் சொல்லலை, அது வேற எபிசோடு.

எப்போ நிஜமாவே சந்தேகம் வரும்?

மாசாமாசம் பே ஸ்லிப் அதிகமாவும் பேங்க் கிரெடிட் குறைவாவும் இருந்து, அதுக்குக் காரணமே இல்லாதப்போ. இதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ரெண்டு கதைதான் இருக்கும்.

ஒண்ணு, கம்பெனி பாதியை பேங்க்லயும் மீதியை ரொக்கமாவும் கொடுக்கிறது. அந்த ரொக்கத்தை நீங்களே போய் டெபாசிட் பண்ணாலும், பெரும்பாலான இடங்கள்ல அதைச் சம்பளமா எடுத்துக்க மாட்டாங்க. அது யார் கொடுத்ததுன்னு ஸ்டேட்மென்ட் சொல்லாதே. இதுக்குக் குறுக்கு வழி இல்ல. முழுச் சம்பளத்தையும் பேங்க்ல போடச் சொல்லி, அப்படிச் சில மாசம் வந்த பிறகு அப்ளை பண்றதுதான் வழி.

இன்னொண்ணு, எடிட் பண்ணின பே ஸ்லிப். "செப்டம்பரையும் 57,500-னு மாத்திடலாம் தம்பி, யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு சொல்ற லோன் ஏஜென்ட்டுங்க இருக்காங்க. நந்தினி கணக்குலயே யோசிங்க: செப்டம்பர்ல பே ஸ்லிப்பும் பேங்கும் அழகா ஒத்துப் போச்சு. அதை மாத்தினா, இல்லாத வித்தியாசத்தை நீங்களே உருவாக்குறீங்க. வேலை நாட்கள் 28-னு இருக்கும், தொகை 30 நாளுக்கு இருக்கும். வருஷ ஆரம்பத்துல இருந்து கூட்டின தொகைனு பே ஸ்லிப்ல ஒரு காலம் வருமே, அதுவும் உதைக்கும்.

ஸ்டேட்மென்டை மாத்தலாம்னு நினைச்சா அது இன்னும் மோசம். ஒவ்வொரு வரிலயும் ஒரு பேலன்ஸ் இருக்கு. ஒரு தொகையை மாத்தினா அதுக்குக் கீழே இருக்கிற எல்லா பேலன்ஸும் தப்பாகும், சாஃப்ட்வேர் அதைத்தான் முதல்ல கூட்டிப் பார்க்கும். இப்போ நிறைய பேர் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியா வாங்குறாங்க. உங்க சம்மதத்தோட ஸ்டேட்மென்ட் நேரா பேங்க்ல இருந்தே போயிடும், நடுவுல உங்க பி.டி.எஃப்.பே கிடையாது. மாட்டினா லோன் போறதோட நிக்காது. போலி ஆவணம் கொடுத்ததா போலீஸ் புகார் வரைக்கும் போகலாம். அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார், கையெழுத்து உங்களோடது.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம்

ஒரு வெள்ளைத் தாள்ல மூணு மாசத்தையும் எழுதுங்க. ஒரு பக்கம் பே ஸ்லிப் நெட் பே, இன்னொரு பக்கம் கம்பெனில இருந்து வந்த எல்லா கிரெடிட்டும். வித்தியாசம் வர்ற இடத்துல காரணத்தை ஒரு வரில எழுதி, அதுக்கான பேப்பரைச் சேர்த்து வையுங்க. நந்தினிக்கு ரெண்டே பேப்பர் போதும்: கோயம்புத்தூர் செலவை கம்பெனி ஓகே பண்ணின மெயில், அட்வான்ஸ் 10,000 ஆகஸ்ட் சம்பளத்தோட பகுதின்னு எச்.ஆர். எழுதின ரெண்டு வரி.

தேதியையும் ஒரு தடவை பாருங்க. ஆகஸ்ட் 31 ஞாயித்துக்கிழமைங்கிறதால அவங்களுக்கு 29-ஆம் தேதியே வந்துடுச்சு. உங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் 1-ஆம் தேதியும் அடுத்தது அதே மாசம் 31-ஆம் தேதியும் வந்திருந்தா, ஒரு மாசத்துல ரெண்டு சம்பளமும் அடுத்த மாசம் எதுவுமே இல்லாத மாதிரியும் தெரியும். எந்த கிரெடிட் எந்த மாசத்துக்குன்னு பக்கத்துல எழுதிடுங்க.

அனுப்புறவர் பேரும் முக்கியம். கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஸ்டாஃபிங் கம்பெனி பேர்ல பணம் வரும், ஆனா ஃபார்ம்ல நீங்க வேலை பார்க்கிற இடத்தோட பேரை எழுதியிருப்பீங்க. பே ஸ்லிப் யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான் முதலாளின்னு எழுதணும். கூடவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் வைங்க.

கடைசியா ஒண்ணு. ஒரு இடத்துல இப்படிக் கேள்வி வந்ததும் பயந்துபோய் வேற நாலு ஆப்ல அப்ளை பண்ணாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு விசாரணையா பதிவாகும், ஆனா அந்த 46,250 எல்லா இடத்துலயும் 46,250-ஆதான் தெரியும். நந்தினி, நீங்க இன்னும் அவங்களுக்குப் பதில் அனுப்பலைன்னா, அந்த ஒரு தாளையும் ரெண்டு பேப்பரையும் சேர்த்து அனுப்புங்க. அவங்க கேட்ட விளக்கம் அதுதான்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.