முதல் வரியிலேயே கொலை, கடைசிவரை ஒரு ரகசியம்

எங்கள் அக்காவுக்கு ஒரு பழக்கம். எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். "முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடிகிறது" என்பார். எனக்கோ, யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் அந்தப் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இருபது வருடங்களாக நடக்கிறது.

போன மாதம் நாங்கள் இருவரும் ஒரே நாவலைப் படித்தோம். கொலம்பிய எழுத்தாளர் கேப்ரியல் கார்சியா மார்க்வெஸ் 1981-இல் வெளியிட்ட சின்ன நாவல் அது. ஆங்கிலத்தில் 'குரோனிக்கிள் ஆஃப் எ டெத் ஃபோர்டோல்ட்', அதாவது முன்பே அறிவிக்கப்பட்ட ஒரு சாவின் கதை. அக்காவுக்குக் கடைசிப் பக்கத்தைத் தேடும் வேலையே இல்லாமல் போயிற்று. சந்தியாகோ நாசார் என்ற இளைஞன் அன்று கொல்லப்படப் போகிறான் என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. ஆனாலும் அன்றிரவு இரண்டு மணி வரை நான் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான், கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சில சொற்கள் எனக்கு உண்மையில் விளங்கின.

கதை இதுதான். ஆஞ்சலா விக்காரியோ என்ற பெண்ணுக்குத் திருமணம் நடக்கிறது. அவள் கன்னியல்ல என்று சொல்லி, மாப்பிள்ளை பயார்தோ சான் ரோமான் முதலிரவன்றே அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறான். "யார் அவன்?" என்று அண்ணன்கள் கேட்கிறார்கள். அவள் சந்தியாகோவின் பெயரைச் சொல்கிறாள். இரட்டையர்களான பெத்ரோவும் பாப்லோவும் கத்தியைத் தீட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனைக் கொல்லப் போவதாகச் சொல்கிறார்கள். ஊரில் பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடுகிறது. சந்தியாகோவுக்கு மட்டும் கடைசி நிமிடங்கள்வரை தெரியாது.

சந்தியாகோ காலை ஐந்தரைக்கு எழுகிறான். 6.05-க்கு வீட்டைவிட்டு வெளியே போகிறான். சுமார் ஒரு மணி நேரத்தில் இறந்துவிடுகிறான். இந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் மார்க்வெஸ் ஐந்து அத்தியாயங்களுக்கு நீட்டுகிறார். ஒரு பயிற்சி நோட்டில் இரண்டு வரிசை போட்டுப் பார்த்தேன். ஒன்றில் சம்பவங்கள் நடந்த வரிசை, மற்றதில் நமக்குச் சொல்லப்படும் வரிசை. முதல் அத்தியாயத்தில் கொலை நாளின் காலை. இரண்டாவதில், மாப்பிள்ளை அந்த ஊருக்கு வந்து சேர்ந்த மாதங்கள். இது நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய ஃபிளாஷ்பேக். மூன்றாவதில் இரட்டையர்கள் கத்தியோடு காத்திருக்கும் இரவு. நான்காவதில் பிரேதப் பரிசோதனை, பிறகு பல வருடங்கள் கழித்து நடப்பவை. ஐந்தாவதில்தான் கொலை.

அந்த நான்காம் அத்தியாயத்தைக் கவனியுங்கள். கொலையைப் பார்க்கும் முன்பே உடலில் இருந்த காயங்களைப் பார்த்துவிடுகிறோம். அதோடு, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஆஞ்சலா அதே கணவன்மீது காதல் கொண்டு வருடக்கணக்கில் கடிதம் எழுதுவதையும், கடைசியில் அவன் ஏறக்குறைய இரண்டாயிரம் கடிதங்களையும் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பதையும் படித்துவிடுகிறோம். இப்படிப் பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வதை ஃபிளாஷ்ஃபார்வர்டு என்கிறார்கள். தமிழில் முன்னோக்கு என்று சொல்லலாம்.

முடிவைச் சொன்னபிறகு சுவாரஸ்யம் எங்கிருந்து வருகிறது? கேள்வி மாறிவிடுகிறது. 'என்ன நடக்கும்' என்ற கேள்வி போய், 'யாருமே ஏன் தடுக்கவில்லை' என்ற கேள்வி வந்து உட்காருகிறது. நகரத் தலைவர் கத்திகளைப் பறிக்கிறார். இரட்டையர்கள் வீட்டுக்குப் போய் வேறு கத்திகளை எடுத்துவருகிறார்கள். எச்சரிக்கை கிடைத்த பாதிரியார், பிஷப் வரும் பரபரப்பில் அதை மறந்துவிடுகிறார். யாரோ எழுதிக் கதவடியில் தள்ளிய கடிதம் தரையிலேயே கிடக்கிறது. நமக்கு முடிவு தெரியும் என்பதால் தப்பிப்போகும் ஒவ்வொரு வாய்ப்பும் உறுத்துகிறது. வேறு கேள்வி எதையும் மிச்சம் வைக்காமல் முடிவை முன்பே போட்டு உடைக்கிற கதைதான் பாதியில் தொய்ந்துபோகும்.

அடுத்தது நோக்குநிலை. ஆங்கிலத்தில் ஃபோகலைசேஷன். பிரெஞ்சு ஆய்வாளர் ழெரார் ழெனெத் 1972-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கதையை யார் சொல்கிறார் என்பது ஒரு கேள்வி. யாருடைய கண்வழியாக, யாருக்குத் தெரிந்த அளவுக்கு நாம் பார்க்கிறோம் என்பது வேறு கேள்வி. இந்த நாவலைச் சொல்பவர் சந்தியாகோவின் நண்பர். 27 வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி, ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதுகிறார். சொல்லும் குரல் ஒன்றுதான். கண்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அன்று நல்ல வெயில் என்கிறார் ஒருவர். மழை தூறியது என்கிறார் இன்னொருவர். எது சரி என்று எழுத்தாளர் சொல்வதில்லை.

இது வெறும் உத்தி அல்ல என்பது கடைசி அத்தியாயத்தில் தெரிகிறது. சந்தியாகோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலை நோக்கி ஓடி வருகிறான். அவன் முன்பே உள்ளே வந்துவிட்டதாக வீட்டு வேலைக்காரப் பெண் அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா பிளாசிதா லினேரோ நிற்கும் இடத்திலிருந்து, கத்தியோடு ஓடிவரும் இரட்டையர்கள் தெரிகிறார்கள். வேறு பக்கத்திலிருந்து ஓடிவரும் மகன் தெரியவில்லை. மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தானே கதவைச் சாத்தித் தாழிடுகிறாள். சில அடி தூரத்தில், அந்தக் கதவின்மீதே அவன் குத்துப்படுகிறான். அவள் நின்ற கோணம் கொஞ்சம் மாறியிருந்தால் அவன் பிழைத்திருக்கலாம்.

புத்தகத்தை முடித்ததும் அக்காவும் நானும் மோதிக்கொண்டோம். "பையன் ஒரு தப்பும் செய்யவில்லை" என்றேன் நான். "அவள் எதற்காகப் பொய் சொல்லணும்?" என்றார் அக்கா. ஆதாரம் காட்டுகிறேன் என்று புத்தகத்தைப் புரட்டினேன். சந்தியாகோதான் அவன் என்று நம்ப முடியவில்லை என்று கதைசொல்லி சொல்கிறார். விசாரணை நீதிபதிக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. வருடங்கள் கழித்துக் கேட்டபோதும் ஆஞ்சலா தான் சொன்ன பெயரை மாற்றவில்லை. சந்தியாகோவின் மனதுக்குள்ளோ, ஆஞ்சலாவின் மனதுக்குள்ளோ அந்த ஒரு விஷயத்தில் நாவல் நம்மை நுழைய விடவே இல்லை.

"இதையெல்லாம் சொல்வது யார்? அவன் சிநேகிதன்தானே?" என்று அக்கா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் அவ்வளவு உறுதியாக நம்பியதற்குக் காரணம் ஆதாரம் அல்ல, அந்த நண்பனின் கண்வழியாகவே முழுக் கதையையும் பார்த்தது. அதற்காக அவன் குற்றவாளி என்றும் ஆகிவிடாது. அக்காவிடமும் ஆதாரம் இல்லைதான்.

அக்கா இந்த வாரம் வேறொரு நாவலை எடுத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தை வழக்கம்போல் படித்தாயிற்று. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, "இதைச் சொல்கிற ஆள் யார் பக்கம் என்று முதலில் பார்க்கணும்" என்றார்.