‘அர்ஜென்ட்’ என்று எழுதினோம், போய்ச் சேரவில்லை

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளி ஒன்று உண்டு. பெற்றோர்களே சேர்ந்து நடத்துவது. கட்டணம், விடுமுறை, ஆண்டுவிழா என்று எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு வீடு குறுஞ்செய்தி அனுப்புகிற வேலை என்னிடம் இருக்கிறது. கையால் அனுப்பிக் கட்டுப்படியாகாது என்பதால் ஒரு செயலி வாங்கியிருக்கிறோம். செய்தியை ஒருமுறை எழுதிப் பொத்தானை அழுத்தினால் 86 வீட்டுக்கும் தானாகப் போய்விடும்.

சென்ற ஆண்டு சேர்க்கை முடிய ஒரு நாள் இருந்தபோது, ஆர்வத்தில் நாங்கள் அனுப்பிய செய்தி இது. முகவரியின் கடைசிப் பகுதியை மட்டும் மறைத்திருக்கிறேன்.

```
URGENT!!! 🎉 Don’t miss out! FREE books for the first 20 kids. PAY NOW $180 👉 bit.ly/xxxxxx
```

மாலையில் அனுப்புகைப் பட்டியலைத் திறந்தால் 31 வீட்டுக்குச் செய்தி போகவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘Undelivered’ என்று இருந்தது. அந்த 31 பேரில் இரண்டு பேர் போக மற்ற எல்லோரும் ஒரே தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். எண் தவறாக இருந்தால் தோல்வி எல்லா நிறுவனங்களிலும் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே வடிகட்டி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ட்விலியோ என்ற சேவையில், இப்படி வடிகட்டப்பட்ட செய்திக்கு 30007 என்று ஒரு பிழை எண்ணே வரும். எந்தச் சொல்லால் பிடிபட்டது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாளே மோசடிக்காரன் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்வானே!

இணையத்தில் தேடினால் ‘இந்த நூறு சொற்களைத் தவிருங்கள்’ என்று பட்டியல் பட்டியலாகக் கிடைக்கிறது. அவற்றை நம்பி நான் ஒரு வாரம் வீணாக்கினேன். வடிகட்டி அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்ப்பதில்லை. இதுவரை மக்கள் ‘இது குப்பை’ என்று புகார் செய்த செய்திகளின் சாயல் புதிதாக வருகிற செய்தியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது. அமெரிக்காவில் அந்தப் புகாருக்கு 7726 என்று ஓர் எண் இருக்கிறது. பழைய தொலைபேசியின் பொத்தான்களில் SPAM என்று தட்டினால் வரும் எண்தான் அது. வேண்டாத செய்தியை அந்த எண்ணுக்கு அனுப்பிவைத்தால் நிறுவனம் அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ஃப்ரீ என்ற ஒரு சொல் மட்டும் வந்தால் பெரிய குற்றமில்லை. ஃப்ரீ, அர்ஜென்ட், இப்போதே கட்டு, மூன்று ஆச்சரியக்குறி, டாலர் தொகை, எங்கே போகும் என்று தெரியாத இணைப்பு எல்லாம் ஒரே மூச்சில் வந்தால், அது பரிசு விழுந்ததாக ஏமாற்றுகிறவன் எழுதும் செய்தியின் அச்சாகிவிடுகிறது. எங்கள் செய்தி அப்படித்தான் இருந்தது.

சில பொருள்களில் மட்டும் சாயல் பார்க்கிற பேச்சே இல்லை. ஆபாசம், வெறுப்பு, மது, துப்பாக்கி, புகையிலை ஆகிய ஐந்துக்கும் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து SHAFT என்று அந்தத் துறையில் பெயர். இவற்றோடு அவசரக் கடன், கடன் தள்ளுபடி, சூதாட்டம், வீட்டிலிருந்தே பணக்காரர் ஆகலாம் என்கிற வகைச் செய்திகளும் கண்டிப்பான பார்வையில் இருக்கின்றன. பள்ளிக்கு இவற்றோடு சம்பந்தமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆண்டுவிழாவுக்கு ‘லக்கி டிரா’ என்று எழுதினால் அதுவும் பரிசுக் குலுக்கல் வாசனை அடிக்கும் என்பதை இப்போது மறப்பதில்லை.

எங்கள் செய்தியில் மிக மோசமான பகுதி எது என்று கேட்டால், அந்த bit.ly இணைப்பு என்பேன். நீள முகவரியைச் சுருக்கித் தரும் இலவசச் சேவை அது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். வடிகட்டி பார்ப்பது முன்பாதியை. அந்த முன்பாதி எல்லோருக்கும் பொது. யாரோ செய்த தவறின் கறை நம் இணைப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. பள்ளியின் சொந்த இணையதள முகவரியை அப்படியே கொடுத்திருந்தால் அதன் நல்லபெயரும் கெட்டபெயரும் நம்முடையதாகவே இருந்திருக்கும். பத்து எழுத்து மிச்சம் பிடிக்கப் போய் நம்பிக்கையைத் தொலைத்தோம்.

அடுத்தது பதிவு. அமெரிக்காவில் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து செயலி வழியாகச் செய்தி அனுப்ப வேண்டுமானால், யார் அனுப்புகிறோம், எதற்காக, மாதிரிச் செய்தி என்ன என்பதையெல்லாம் தி கேம்பெய்ன் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ‘வகுப்பு நினைவூட்டல்’ என்று நாங்கள் பதிந்திருந்தோம். கொடுத்த மாதிரியும் அடக்கமான மாதிரிதான். அனுப்பியதோ கடைத்தெரு விளம்பரம். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்று இருந்தால் நல்ல சொற்களும் கைகொடுப்பதில்லை.

எழுத்து வடிவத்தில் ஒளிந்திருக்கும் சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. Don’t என்பதில் இருக்கும் வளைந்த ஒற்றை மேற்கோளைப் பாருங்கள். வேர்டில் எழுதி ஒட்டியதால் வந்தது. குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் நேரான மேற்கோள்தான் உண்டு, வளைந்தது இல்லை. தொகுப்பில் இல்லாத ஒரே ஓர் எழுத்து வந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோடு முறைக்கு மாறிவிடுகிறது. அப்போது ஒரு செய்தியின் கொள்ளளவு 160 எழுத்திலிருந்து 70 ஆகக் குறைகிறது. இதில் இருக்கும் எமோஜி ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும். எங்கள் செய்தியை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 92 இடம். 70-ஐத் தாண்டியதால் இரண்டு துண்டாகப் போயிற்று, கட்டணமும் இரட்டிப்பு. அந்த மேற்கோளை நேராக்கி இரண்டு எமோஜியை எடுத்திருந்தால் ஒரே துண்டில் அடங்கியிருக்கும். துண்டானதே ஸ்பேமுக்கு அடையாளம் என்று சொல்லவில்லை. ஆனால் வேர்டிலிருந்தும் இணையப் பக்கத்திலிருந்தும் நகலெடுத்து ஒட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா எழுத்துகளும் கூடவே வந்துவிடுகின்றன. சொல்லை உடைத்து வடிகட்டியின் கண்ணில் மண்ணைத் தூவ மோசடிக்காரர்கள் வைப்பதும் இதே எழுத்துகளைத்தான். ஃப்ரீ என்பதை FR3E என்றும் F.R.E.E என்றும் எழுதிப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. சாதாரணமாக எழுதினால் ஒருவேளை தப்பித்திருக்கும் சொல், ஒளிக்கப் பார்த்ததாலேயே மாட்டிக்கொள்ளும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தமிழ் எழுத்து எல்லாமே யூனிகோடு, ஆகவே எப்போதும் 70-தான். ‘வணக்கம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் எடுக்கிறது. செய்தி 70-ஐத் தாண்டினால் துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய், துண்டுக்கு 67-தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் ஒரு துண்டில் முடிகிற செய்தி தமிழில் இரண்டு மூன்று துண்டாகும். அதனால் தமிழில் நான் வாழ்த்து, பீடிகை எதுவும் வைப்பதில்லை.

தமிழ்நாட்டில் கதையே வேறு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, வங்கியோ கடையோ அனுப்பும் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். பெயரும் தொகையும் வருகிற இடங்களை மட்டும் மாறும் இடம் என்று குறித்திருப்பார்கள். அனுப்பும் செய்தி அந்த வாசகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனையைக் கறாராகத் தொடங்கியதும் வங்கிகளின் ஓடிபிகளே நாடு முழுவதும் முடங்கின. மறுநாளே டிராய் அதை ஏழு நாளைக்கு நிறுத்திவைக்க நேர்ந்தது. 2024 அக்டோபர் 1 முதல், ஒப்புதல் பட்டியலில் இல்லாத இணைப்பு உள்ள செய்தியும் தடுக்கப்படுகிறது. அமெரிக்க வடிகட்டி சாயலைப் பார்த்து ஊகிக்கிறது, இந்திய முறை பதிந்த வாசகத்தோடு ஒப்பிடுகிறது. நேர்மையான சிறிய அமைப்புக்கு இரண்டிலும் அல்லல் உண்டு. என்றாலும் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிற முறைதான் மேல் என்பது என் எண்ணம்.

எங்கள் செய்திக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். அதனால் வேறு வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருந்த மூன்று பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் எண்ணுக்கு மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி அனுப்பினேன். முதலில் எமோஜியை எடுத்தேன், போகவில்லை. கொட்டை எழுத்தையும் ஆச்சரியக்குறியையும் எடுத்தேன், அப்போதும் போகவில்லை. சுருக்கு இணைப்பை எடுத்துப் பள்ளி முகவரியை வைத்ததும் மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அதோடு நிறுத்தாமல் மீதியையும் திருத்தினோம். இணைப்பு ஒன்றுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. மற்றவை சேர்த்துவைத்த சந்தேகத்தை அது எல்லை தாண்ட வைத்திருக்கலாம். கடைசியில் அனுப்பியது இது. பள்ளியின் உண்மையான பெயருக்கும் முகவரிக்கும் பதிலாக மாதிரி போட்டிருக்கிறேன்.

```
Sunday Tamil School: Registration for Kavin closes Sept 6. Fee is $180. Details: example.org/fall Reply STOP to opt out.
```

மொத்தம் 120 எழுத்து, ஒரே துண்டு. யார் அனுப்புகிறார்கள் என்பது முதல் மூன்று சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. பிள்ளையின் பெயர் இருப்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி கொஞ்சம் வேறுபடுகிறது. முன்பின் தெரியாதவர்களுக்குப் பொத்தாம்பொதுவாகத் தூவியது இல்லை என்பது பெற்றோருக்கும் புரிகிறது. வேண்டாதவர் விலகிக்கொள்ள STOP என்ற வழியும் இருக்கிறது. அந்த வரியை வைத்தால் எல்லோரும் விலகிவிடுவார்களோ என்று எங்கள் குழுவில் ஒருவர் பயந்தார். விலக வழி இல்லாதவர்தான் 7726-க்குப் புகார் அனுப்புவார். ஒருவர் போனால் போகிறார், புகார் வந்தால் எண்ணே கெட்டுவிடும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம்.

மறுபடி அனுப்பியபோது 86 வீட்டில் 84-க்குப் போய்ச் சேர்ந்தது. மீதி இரண்டும், முதல் நாள் அந்த ஒரே நிறுவனத்தில் சேராமல் தனியாக நின்ற அதே இரண்டு. போன் செய்து விசாரித்தேன். ஒரு வீட்டில் எண்ணையே மாற்றியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா, முந்தின ஆண்டு ஏதோ விளம்பரம் என்று நினைத்து எங்கள் எண்ணுக்கு STOP அனுப்பியிருந்தார். START என்று அனுப்பச் சொன்னேன், அன்று இரவே செய்தி கிடைத்தது.