சர்க்கரை ஆலையில் அலகு அடக்கவிலையியல்

அலகு அடக்கவிலையியல் என்பது ஒரே வகைப் பொருளைத் தொடர்ந்து உற்பத்தி செய்யும் தொழிலில் ஓர் அலகுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் முறையாகும். சர்க்கரை ஆலையில் அந்த அலகு ஒரு குவிண்டால் (100 கிலோ) சர்க்கரை. கரும்பை அரைக்கும்போது சக்கையும், சர்க்கரைப் படிகங்களைப் பிரித்தபின் மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகும் கிடைக்கின்றன. இத்துணைப்பொருள்களுக்குத் தனி அடக்கவிலை கணக்கிடுவதில்லை. அவற்றின் விலையிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து, மீதியைச் சர்க்கரையின் மொத்தச் செலவிலிருந்து குறைப்பர்.

எடுத்துக்காட்டு

ஓர் ஆலை ஒரு பருவத்தில் 1,00,000 டன் கரும்பை அரைப்பதாகக் கொள்வோம். பிழிதிறன் 9.5% எனில் 9,500 டன், அதாவது 95,000 குவிண்டால் சர்க்கரை கிடைக்கும். மொலாசஸ் 4,500 டன். சக்கை 30,000 டன். அதில் 26,000 டன் ஆலையின் கொதிகலனிலேயே எரிகிறது, 4,000 டன் விற்கப்படுகிறது. கீழுள்ள விலைகள் விளக்கத்திற்காக மட்டுமே. துணைப்பொருள் விலைகள் விற்பனைச் செலவு நீக்கியவை.

| விவரம் | ரூபாய் (இலட்சம்) |
|---|---|
| கரும்பு (டன் ரூ. 3,000) | 3,000 |
| கூலி, சுண்ணாம்பு, கந்தகம், பழுதுபார்ப்பு, தேய்மானம், நிர்வாகம் | 600 |
| மொத்தச் செலவு | 3,600 |
| கழிக்க: மொலாசஸ் (4,500 டன் × ரூ. 6,000) | 270 |
| கழிக்க: விற்ற சக்கை (4,000 டன் × ரூ. 2,000) | 80 |
| நிகரச் செலவு | 3,250 |

நிகரச் செலவை 95,000 ஆல் வகுத்தால் ஒரு குவிண்டாலின் அடக்கவிலை ரூ. 3,421. துணைப்பொருள்களைக் கழிக்காவிட்டால் இது ரூ. 3,789 ஆகும்.

மொலாசஸை விற்ற அளவுக்கு மட்டுமன்றி, உற்பத்தியான முழு அளவுக்கும் கழிக்க வேண்டும். பருவ இறுதியில் தொட்டியில் இருக்கும் பாகும் இப்பருவத்துக் கரும்பிலிருந்து வந்ததே.

எரித்த சக்கை

பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. கொதிகலனில் எரித்த 26,000 டன் சக்கைக்கும் ரூ. 2,000 வீதம் மதிப்பிட்டுக் கழித்தால், செலவு மேலும் ரூ. 520 இலட்சம் குறைந்து, அடக்கவிலை ரூ. 2,874 எனத் தோன்றும். ஆனால் அப்பணம் ஆலைக்கு வரவே இல்லை. எரித்த சக்கையை வரவு வைத்தால், அதே தொகையை நீராவிக்கான எரிபொருள் செலவாகவும் பற்று வைக்க வேண்டும். அந்த நீராவி முழுவதும் சர்க்கரைக்கே பயன்பட்டால் இரண்டும் ஈடாகிவிடும். ஒரு பகுதி, விற்பனைக்கான மின்சாரம் தயாரிக்கப் பயன்பட்டால், அப்பகுதியின் எரிபொருள் செலவு மட்டும் மின்சாரக் கணக்குக்குச் செல்லும்.

இப்பிழையைக் கண்டறிய, வரவு வைத்த சக்கையின் எடையை, வெளியே சென்ற லாரிகளின் எடைமேடைச் சீட்டுகளோடும் இருப்பின் மாற்றத்தோடும் ஒப்பிட்டால் போதும். வேறுபடும் அளவுக்கு எரிபொருள் பற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சொந்த வடிப்பாலைக்குச் செல்லும் மொலாசஸ்

மொலாசஸ் ஆலையின் சொந்தச் சாராய வடிப்பாலைக்குச் சென்றால், அதற்கு வைக்கும் உள்மாற்று விலையே சர்க்கரையின் அடக்கவிலையை மாற்றிவிடும். மேற்கண்ட ஆலை ரூ. 6,000க்குப் பதில் ரூ. 4,000 என விலை வைத்தால், சர்க்கரையின் அடக்கவிலை குவிண்டாலுக்கு ஏறத்தாழ ரூ. 95 உயரும், அதே 90 இலட்சம் ரூபாய் வடிப்பாலையின் இலாபமாகத் தோன்றும். நிறுவனத்தின் மொத்த இலாபம் மாறாது. ஆனால் சர்க்கரை நட்டத்தில் விற்கிறது என்ற வாதத்தை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த விலையைத்தான்.